டை அடிச்சும் உச்சந்தலை பளிச்னு தெரியுதா? கறுப்புல இருந்து ரெண்டு படி இறங்கிப் பாருங்க!

தை மாசம் சித்தி வீட்டுக் கல்யாணம். பதினைந்து நாள் கழித்து வீடியோ வந்தது. மதுரையில் இப்போதெல்லாம் கல்யாண மண்டபத்தில் கேமரா தரையில் நிற்பதில்லை. நீளமான கம்பியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, மேடைக்கு மேலே அங்கிட்டும் இங்கிட்டும் ஆடிக்கொண்டே இருக்கிறது. தாலி கட்டும் நேரத்தில் அது சித்தியின் தலைக்கு நேர் மேலே வந்து நின்றுவிட்டது. பெரிய டிவியில் குடும்பமே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. கன்னங்கரேலென்ற முடி, நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு வெளுத்த கோடு. கோட்டுக்கு இரண்டு பக்கமும் வட்டமாகப் பளபளவென்று மண்டை.

“ஏன்டி, இது யாரு தலை?” என்றார் சித்தி. எல்லோரும் மிக்சரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்று ராத்திரி சமையலறையில் பாத்திரம் கழுவும்போதுதான் மனசுவிட்டுப் பேசினார். “முத நாளுதான்டி ரெண்டு பாக்கெட் கலக்கி, ஒரு முடி விடாம அடிச்சேன். அதுக்கு முன்னாடி பாதி நரைச்சுக் கெடந்தப்பகூட இவ்ளோ கேவலமா தெரியல. டை அடிச்சா முடி கொட்டுமா?”

கொட்டியிருந்தாலும் ஒரே ராத்திரியில் அவ்வளவு கொட்டியிருக்காது. முதல் நாள் இருந்த அதே முடிதான் மறுநாளும் இருந்தது. மாறியது நிறம் மட்டும்தான். சித்தியின் அந்த ஒரு வரியில், “பாதி நரைச்சுக் கெடந்தப்பகூட இவ்ளோ தெரியல” என்பதில், விஷயமே இருக்கிறது.

கருங்கல்லில் போட்ட கோலம்

கருங்கல் தரையில் கோலம் போட்டால் தெருமுனையில் இருந்தே தெரியும். அதே மாவை எடுத்து சிமென்ட் தரையில் போட்டுப் பாருங்கள், பக்கத்தில் வந்து குனிந்தால்தான் புள்ளி தெரியும். மாவு ஒன்றுதான், அளவும் ஒன்றுதான். கோட்டுக்கும் தரைக்கும் இடையில் உள்ள நிற வித்தியாசம்தான் கண்ணை இழுக்கிறது.

உச்சந்தலையில் நடப்பதும் இதுதான். நம்மூர்ப் பெண்களுக்கு முகம் மாநிறமாகவோ கறுப்பாகவோ இருந்தாலும், முடிக்குள் ஒளிந்தே இருந்த ஸ்கால்ப் பெரும்பாலும் முகத்தைவிட ஒன்றிரண்டு படி வெளுப்பாகத்தான் இருக்கும். அதற்கு மேல் அடைமை மாதிரி கறுப்பைப் பூசினால், முடிக்கும் தோலுக்கும் இடையில் வித்தியாசம் உச்சத்துக்குப் போய்விடுகிறது. முடி அடர்த்தியாக இருக்கும் வரை பிரச்னை இல்லை, தோல் தெரிந்தால்தானே! மெலிய ஆரம்பித்த பிறகு, ஒவ்வொரு இடைவெளியும் கோலப்புள்ளி மாதிரி எழுந்து நிற்கும்.

நரைத்த தலையில் இந்த வித்தியாசம் கலைந்து கிடக்கிறது. கொஞ்சம் வெள்ளை, கொஞ்சம் கறுப்பு, நடுவில் பழுப்புத் தோல் என்று எல்லாம் கலந்திருப்பதால் எது முடி, எது தோல் என்று கண்ணால் சட்டெனப் பிரிக்க முடியாது. சித்திக்கு முன்பு தெரியாமல் இருந்ததற்குக் காரணம் அதுதான்.

பெண்களுக்கு முடி மெலிவது ஆண்களைப்போல நெற்றியில் ஏறுவதில்லை. முன்நெற்றிக் கோடு அப்படியே இருக்க, வகிட்டை ஒட்டி உச்சியில் மட்டும் மெலியும். 1977-ல் எரிக் லுட்விக் என்ற தோல் மருத்துவர் இதை மூன்று நிலைகளாகப் பிரித்தார். இன்றைக்கும் டாக்டர்கள் அந்தப் பெயரில்தான் குறித்துக்கொள்கிறார்கள். நிறத்தை வைத்து மறைக்கும் வித்தை முதல் நிலையில் நன்றாகவும், இரண்டாம் நிலையில் ஓரளவுக்கும் எடுபடும். உச்சி முழுக்கத் தோலே தெரிகிற மூன்றாம் நிலையில் எந்த ஷேடு அடித்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. அந்த நிலையில் இருப்பவர்கள் கலருக்குப் பணம் செலவழிப்பதைவிட டாப்பர் எனப்படும் உச்சி விக்கைப் பார்ப்பது நல்லது.

முகத்துக்கு இல்லை, வகிட்டுக்குப் பொருத்தம் பாருங்கள்

கடையில் பெட்டியைக் கையில் எடுத்ததும் நாம் என்ன செய்கிறோம்? அட்டையில் சிரிக்கும் பெண்ணின் முகத்தைப் பார்க்கிறோம், பிறகு நம் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கிறோம். உச்சந்தலை மெலிந்தவர்கள் பார்க்க வேண்டியது வகிட்டை. அது நம் கண்ணுக்குத் தெரியாத இடம் என்பதால், ஒரு போட்டோ தேவை.

சித்திக்கு நான் எடுத்த விதத்தைச் சொல்கிறேன். தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல், நன்றாகக் காய்ந்த பிறகு, காலை எட்டரை மணிக்கு வாசல்படியில் நிழலில் உட்காரச் சொன்னேன். வழக்கமாக எடுக்கும் நேர்வகிடு. ஃபிளாஷ் போடாமல், ஒரு கை தூரத்தில் மேலிருந்து ஒரு போட்டோ. பிறகு போனிலேயே எடிட் பண்ணும் இடத்துக்குப் போய் அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினேன். நிறம் போய்விட்டால், முடி எவ்வளவு இருட்டு, தோல் எவ்வளவு வெளிச்சம் என்பது மட்டும் மிஞ்சும். சித்தி போட்டோவில் முடி மை கொட்டினதுபோலவும், வகிடு வெளிர்சாம்பலாகவும் இருந்தது. கலர் போட்டோவில் பார்த்தால் அதே தோல், பால் கூடின டீ மாதிரி.

இனி ஷேடு. ஹேர் கலர் பெட்டியில் 3, 4, 5.3 என்று ஏதாவது ஓர் எண் இருக்கும். முதல் எண், நிறம் எவ்வளவு இருட்டு என்பதைச் சொல்கிறது. 1 என்றால் கறுப்பு. 3 அடர் பிரவுன், 4 நடுத்தர பிரவுன், 5 வெளிர் பிரவுன். அப்படியே ஏறி 10-க்குப் போனால் வெளிர் பொன்னிறம். புள்ளிக்குப் பின்னால் வருவது சாயல். பல கம்பெனிகளில் .3 என்றால் தங்கச் சாயல், .4 செம்புச் சாயல், .1 சாம்பல் சாயல். வெறும் எண்ணோ, .0 என்றோ இருந்தால் தனிச்சாயல் எதுவும் இல்லாத இயல்பான பிரவுன். பார்லரில் ஷேடு கார்டு என்று ஒன்று இருக்கும், அதில் குட்டிக் குட்டியாக முடிச்சுருள்கள் ஒட்டியிருப்பார்கள். அதை வாங்கி, வகிட்டை ஒட்டி வைத்துப் பாருங்கள். சித்தியின் தோலோடு ஏறத்தாழ ஒத்துப்போனது 6-ஆம் எண் சுருள். அவர் அடித்துக்கொண்டிருந்ததோ 1. நடுவில் ஐந்து படி பள்ளம்.

“அப்ப 6 அடிச்சுட்டா தெரியவே தெரியாதுல்ல?” என்று சித்தி கேட்டார். கணக்குப்படி சரிதான். ஆனால், நம்மூர் முடிக்கு அது நடக்காது. பிறவியிலேயே 1, 2 என்று இருக்கும் முடியை 6-க்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் பிளீச் செய்தாக வேண்டும். ஏற்கெனவே மெலிந்த முடியைப் பிளீச் செய்தால் நடுவில் ஒடியும். மறைக்கப் போய், இருக்கிறதும் போய்விடும். புருவம் கறுப்பாக இருக்க, தலை மட்டும் தேன் நிறத்தில் நிற்பதும் 56 வயசில் சித்திக்கு வேண்டாத வம்பு.

அதனால் நடுவழி ஒன்று. தோலைவிட இரண்டு, மூன்று படி மட்டும் இருட்டான பிரவுன். மாநிறமானவர்களுக்கு அது 3 அல்லது 4-ஆக இருக்கும். நல்ல வெளுப்புத் தோல் என்றால் 5 வரை போகலாம். ஸ்கால்ப்பே நல்ல கறுப்பாக இருப்பவர்களுக்கு 2 அல்லது 3 போதும், அவர்களுக்குக் கறுப்புகூட அவ்வளவு காட்டிக்கொடுக்காது. 1-க்கும் 3-க்கும் வித்தியாசம் ரொம்பச் சின்னதாகத்தானே இருக்கும் என்று தோன்றும். வீட்டுக்குள் அப்படித்தான் தெரியும். மண்டபத்து விளக்கிலும் மதியம் 12 மணி வெயிலிலும் பாருங்கள், 1 அடித்த முடி அட்டையில் வெட்டி ஒட்டினதுபோல இருக்கும். 3 அடித்த முடியில் வெளிச்சம் உள்ளே இறங்கி, ஓரங்கள் மங்கலாகி, தோலோடு கலக்கும்.

சித்தி செய்த அவசர வேலை

நான் இவ்வளவு சொல்லிவிட்டு வந்த மறு ஞாயிற்றுக்கிழமையே சித்தி கடைக்குப் போய், பிரவுன் என்று எழுதியிருந்த ஒரு பாக்கெட்டை வாங்கி, தலை முழுக்க அப்பிக்கொண்டுவிட்டார். எண் பார்க்கவில்லை. பத்து நாளில் போன் வந்தது. “செம்பட்டையாப் போச்சுடி. உச்சி மட்டும் செக்கச் செவேல்னு இருக்கு, பின்னல் கறுப்பாவே இருக்கு. ஒங்க சித்தப்பா, ‘தலைல செம்பருத்தி பூத்துருக்கு’ன்றாரு.”

இதில் மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் நடந்திருக்கின்றன. முதலாவது, ஒரு டையின் மேல் இன்னொரு டை அடித்து நிறத்தைக் குறைக்க முடியாது. பத்து வருஷமாகக் கறுப்பு ஏறிய பின்னல் நுனி, எத்தனை பிரவுன் பாக்கெட் போட்டாலும் கறுப்பாகவே இருக்கும். புதிய நிறம் பிடிப்பது, வேரில் வளர்ந்த புது முடியில் மட்டும்தான். இரண்டாவது, உச்சியில் இருந்ததில் பாதிக்கு மேல் வெள்ளை முடி. கறுப்பு முடியின் மேல் அடக்கமாகத் தெரியும் பிரவுன், அடியில் எதுவுமே இல்லாத வெள்ளை முடியில் தன் முழு நிறத்தையும் காட்டும். பாக்கெட்டில் கொஞ்சம் சிவப்பு இருந்தாலும் அது அப்படியே எழுந்து நிற்கும். மூன்றாவது, தலைச் சூடு. ஸ்கால்ப்பை ஒட்டிய அரை இஞ்ச் முடியில், அந்தச் சூட்டில் கலர் வேகமாக வேலை செய்யும். வேர் பளிச்சென்றும் நுனி மங்கியும் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிவப்புச் சாயல் ஏன் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம்மூர் வெயிலில் எந்த பிரவுனும் நாள்பட நாள்பட வெளுத்து, தானாகவே செம்மஞ்சளுக்குத்தான் போகும். முதல் நாளே .3, .4 என்று தங்கமும் செம்புமாகத் தொடங்கினால் மூன்றாவது வாரம் எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். பர்கண்டி கேட்கவே வேண்டாம். மெலிந்த உச்சியில் பர்கண்டி அடித்தால், கீழே தோல் சிவந்து புண்ணானதுபோல ஒரு தோற்றம் வந்துவிடுகிறது. மெலிந்த தலைக்குச் சாயல் இல்லாத வெறும் 3, வெறும் 4-தான் பத்திரம்.

சித்தியின் செம்பட்டையைச் சரிசெய்ய, தெரிந்த ஒரு பார்லர் அக்காவிடம் கூட்டிப்போனேன். அவர் செய்தது எளிமையான வேலை. 3-ஆம் எண் கிரீம் 20 கிராம், 6 சதவிகித டெவலப்பர் அட்டையில் சொன்ன அளவு, தலை முழுக்க இல்லாமல் வேர்களுக்கு மட்டும். முதலில் காதோர நரைக்குப் போட்டார். அங்கே முடி முரடாக இருக்கும், நிறம் பிடிக்க நேரமாகும். சூடான உச்சிக்குக் கடைசியாக வந்தார். அரை விரல்கடை அகலத்துக்கு வகிடு வகிடாகப் பிரித்து, பிரஷ் நுனியால் முடியின் மேல் மெல்லிசாக இழுத்தார். “நெறைய பேரு மண்டையும் சேர்ந்து கறுப்பாகட்டும்னு விரலால தேய்ப்பாங்க. அது ரெண்டே நாள்ல போயிரும், எரிச்சல்தான் மிஞ்சும்” என்றார். அட்டையில் போட்டிருந்த நேரத்தைத் தாண்டி ஐந்து நிமிஷம்கூட விடவில்லை. கழுவிக் காயவைத்ததும் கண்ணாடியைக் காட்டவில்லை, வாசலுக்குக் கூட்டிப்போனார். பார்லர் விளக்கில் எல்லா பிரவுனும் நன்றாகத்தான் இருக்கும், தெருவெயிலில் பார்ப்பதுதான் உண்மையான நிறமாம்.

இந்தக் கலர்களால் ஒரு சின்ன உபரி லாபமும் உண்டு. ரசாயன டை, முடியின் வெளிச்செதிலைக் கொஞ்சம் எழுப்பி உள்ளே போவதால், ஒவ்வொரு முடியும் சற்றே சொரசொரப்பாகி, ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும். தலை நிறைந்ததுபோல இருக்கும். ஆனால் அதே காரணத்தால் அடிக்கடி தலை முழுக்க அடித்தால் நுனி உடையும். வேருக்கு மட்டும் போதும் என்பது இதற்காகவும்தான்.

நாலாவது வாரம் வரும் வெள்ளைக் கோடு

முடி மாசத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். வகிட்டுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு சென்டிமீட்டர் வெள்ளை வேர் எழும்பினால், நடுவில் இருக்கும் தோலோடு சேர்ந்து இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் ஒரு வெளுத்த பட்டை. தூரத்தில் இருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அது நரை என்று தெரியாது, வழுக்கை என்றுதான் தெரியும். “இந்த மாசம் ரொம்பக் கொட்டிருச்சு” என்று பதறுகிற பலர், வேர் வளர்ந்ததைத்தான் அப்படிப் பார்க்கிறார்கள்.

கறுப்பு அடித்தவர்களுக்கு இந்தப் பட்டை மூன்றாவது வாரமே கண்ணில் குத்தும். 3, 4 அடித்தவர்களுக்கு எல்லைக்கோடு மங்கலாக இருப்பதால் ஐந்தாறு வாரம்வரை ஓட்டலாம். டை அடிக்கும் எண்ணிக்கையே குறைந்துவிடுகிறது. சித்தி மாசி பிறந்ததும் 3 அடித்தார், பங்குனியில் மறுபடி 3. சித்திரை பிறக்கும்போது வேருக்கு மட்டும் 4. மேலே 4, அதற்குக் கீழே 3, பின்னல் பழைய கறுப்பு. தலையை விரித்துப் பார்த்தால் மூன்று நிறம் இருக்கும்தான். ஆனால் பின்னிவிட்டால், வேரிலிருந்து கீழே போகப் போக இருட்டிக்கொண்டே போவதால் உறுத்தாது. வெளியில் இருப்பவர் பார்வை விழுவது உச்சியில், அங்கேதான் நமக்கு வெளிச்சமான நிறம் வேண்டும்.

முக்கால்வாசிக்கு மேல் நரைத்துவிட்டவர்கள் இந்த ஓட்டத்திலேயே சேராமல் இருக்கலாம். நரையை அப்படியே விட்டு, முடியைத் தோள்வரை வெட்டிக்கொண்டால், பழுப்புத் தோலும் வெள்ளை முடியும் கலந்து உச்சி ஓரளவுக்குத் தானாகவே மறையும். சித்தப்பா மாதிரி ஆண்களுக்கும் இதே கணக்குதான். பின்னுச்சிச் சுழியில் வட்டம் விழுந்தவர்கள் அதைச் சுற்றி மீசைக்கு அடிக்கும் கறுப்பையே அடிப்பது, அந்த வட்டத்துக்குக் கட்டம் போட்டுக் காட்டுவது மாதிரி. முடியை ஒட்ட வெட்டி, நரையோடு விட்டாலே பாதி மறையும்.

மருதாணியும் அவுரியும்

“கெமிக்கலே வேணாம், எங்க ஆத்தா மருதாணிதான் அரைச்சுப் போடும்” என்பவர்களுக்கு: மருதாணி நல்லது, முடியின் மேல் ஒரு பூச்சாகப் படிவதால் முடி தடித்ததுபோல இருக்கும். ஆனால் வெறும் மருதாணியை வெள்ளை முடியில் வைத்தால் ஆரஞ்சுதான் வரும். வெயிலில் சித்தியின் செம்பட்டை கதைதான். பழுப்புக்குக் கொண்டுவர அவுரிப் பொடி வேண்டும். நாட்டு மருந்துக் கடைகளில் கேட்டால் கிடைக்கும்.

மருதாணிப் பொடியைத் தண்ணீரிலோ டீ டிகாக்‌ஷனிலோ குழைத்து, ராத்திரி முழுக்க ஊறவைக்க வேண்டும். அவுரி அப்படியில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்துப் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் தலைக்கு ஏற்றிவிட வேண்டும், நேரமானால் வீரியம் போய்விடும். இரண்டையும் சம அளவில் கடைசி நேரத்தில் கலந்து, இரண்டு மணி நேரம் வைத்து, ஷாம்பூ இல்லாமல் அலசினால் பழுப்பு வரும். முதலில் மருதாணி, அலசிவிட்டு அதன்மேல் தனியாக அவுரி என்று இரண்டு தடவையாகப் போட்டால் கறுப்பு வந்துவிடும், நமக்குத்தான் அந்தக் கறுப்பு வேண்டாமே! அலசியதும் பார்த்துவிட்டுப் பயந்துவிடாதீர்கள். அவுரியின் நிறம் அடங்கி இருட்ட இரண்டு நாள் ஆகும்.

எச்சரிக்கை ஒன்று. ‘கறுப்பு மருதாணி’ என்று விற்பதும், அரை மணி நேரத்தில் கன்னங்கரேலென்று ஆக்குகிறேன் என்று சொல்வதும் மருதாணி இல்லை. இலைக்கு அந்த வேகமும் கிடையாது, அந்தக் கறுப்பும் கிடையாது. அதில் ரசாயன டையில் இருக்கும் அதே பி.பி.டி., அதாவது பாராஃபினைலின்டைஅமின் கலந்திருக்கும்.

அந்த பி.பி.டி. பற்றி மெலிந்த தலைக்காரர்கள் கூடுதலாக யோசிக்க வேண்டும். அடர்த்தியான தலையைவிட இங்கே டை நேராகத் தோலில் படும். சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. இத்தனை வருஷம் ஒத்துக்கொண்டவர்களுக்கும் ஒருநாள் திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் போகும். அடிப்பதற்கு 48 மணி நேரத்துக்கு முன்னால் அட்டையில் சொன்னபடி முழங்கை மடிப்பிலோ காதுக்குப் பின்னாலோ ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள், கம்பெனி மாற்றினால் மறுபடியும். அரிப்பு, தடிப்பு வந்தால் அந்த டை வேண்டாம். அடித்த மறுநாள் கண்ணிமை வீங்கினாலோ, நெற்றியோரம் நீர் கோத்தாலோ தோல் டாக்டரிடம் போய்விடுங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. ஸ்கால்ப் புண்ணாகி வீங்கினால், அதன் பின்னாலேயே முடியும் கொத்தாக உதிரும்.

எண்ணெயும் வகிடும்

சரியான ஷேடு அடித்துவிட்டு, மறுநாள் கை நிறையத் தேங்காயெண்ணெய் வைத்து இழுத்துச் சீவினால் அத்தனையும் வீண். எண்ணெயில் பத்துப் பத்து முடி ஒட்டிக் கயிறாகிவிடும். கயிறுக்கும் கயிறுக்கும் நடுவில் தோல் தெரியும், அந்தத் தோலும் எண்ணெயில் மினுங்கும். சித்திக்கு இதுதான் விடமுடியாத பழக்கம். கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். ராத்திரி வைத்துக் காலையில் சீயக்காய் போட்டுக் குளித்துவிடுவது, வெளியே போகும் நாளில் உச்சியில் எண்ணெய் கிடையாது.

வகிட்டைச் சீப்பு நுனியால் நேர்கோடாக எடுக்காமல், விரலால் வளைத்து வளைத்து எடுத்தால் ஒரு நீளக் கோடாகத் தெரியாது. இருபது வருஷமாக ஒரே இடத்தில் வகிடு எடுப்பவர்கள் ஒரு விரல்கடை தள்ளி எடுத்தாலே வித்தியாசம் தெரியும். மல்லிகைச் சரத்தை உச்சியிலேயே ஊசி குத்தித் தொங்கவிடாமல் பின்னலின் தொடக்கத்தில் வையுங்கள். நாலு முழம் மதுரை மல்லிக்குக் கனம் இருக்கிறது, அது முன்பக்கத்து முடியைப் பிரித்து இழுத்து வகிட்டை அகலமாக்கிவிடும்.

கல்யாணம், காதுகுத்து என்று ஒருநாள் தேவைக்கு ஹேர் ஃபைபர் என்று தூவும் பொடி இருக்கிறது. அதை மட்டும் தோல் நிறத்துக்குப் பார்க்காமல் வேர் முடியின் நிறத்துக்குப் பார்த்து வாங்க வேண்டும், அது முடி மாதிரி தெரிய வேண்டிய பொருள் என்பதால். காய்ந்த தலையில் தூவி, மெல்லத் தட்டிவிட வேண்டும். லேசான வியர்வைக்குத் தாங்கும். அக்னி நட்சத்திரத்தில் கரண்ட் போன மண்டபத்துக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன், நெற்றியில் கறுப்பாக வழிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

நிறம் எதையும் வளர்க்காது, உதிர்வதை நிறுத்தவும் செய்யாது. இரண்டு மூன்று மாதத்துக்குள் திடீரென்று மெலிந்தாலோ, வட்ட வட்டமாக உதிர்ந்தாலோ, அரிப்போ செதிலோ இருந்தாலோ முதலில் டாக்டர், பிறகு டை. சித்தியைக் கூட்டிப்போனபோது தைராய்டும் இரும்புச்சத்தும் பார்க்கச் சொன்னார்கள். இரும்புச்சத்து குறைவாக இருந்தது, மாத்திரை போகிறது. உச்சிக்கு மினாக்சிடில் தடவச் சொல்லப்பட்டவர்கள், டை அடிக்கும் நாளில் அதை எப்போது நிறுத்தி எப்போது தொடங்குவது என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். டை அடித்து எரிச்சலாக இருக்கும் தோலில் அதைத் தடவக் கூடாது.

சித்திரைத் தேரன்று மாசி வீதியில் ஒரு சொந்தக்காரர் வீட்டு மொட்டைமாடியில் இருந்து, கீழே நின்ற சித்தியைத் தம்பி போட்டோ எடுத்தான். நேர் மேலிருந்து, உச்சி வெயிலில். மாடிக்கு மூச்சு வாங்க ஏறிவந்து போனைப் பிடுங்கிப் பார்த்தார் சித்தி. இரண்டு விரலால் பெரிசாக்கி, வகிட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னும் லேசாத் தெரியுதுல்ல?”

“தெரியுது சித்தி.”

“ம்... அந்த வீடியோவுல தெரிஞ்ச அளவுக்கு இல்ல.” போனைத் தம்பியிடம் கொடுத்தார். “இதை எனக்கு அனுப்புடா. அடுத்த வாட்டியும் நாலுதான், காலண்டர்ல எழுதி வெச்சிருக்கேன்.”